பத்தரைக்குத் தொடங்காமல் ஐந்தேகாலுக்கு முடியுங்கள்

கேள்வி: "மட்டக்களப்பில் இருக்கிறேன். பழைய நிசான் லீஃப் 24 எலக்ட்ரிக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இரவு 10.30க்குப் பிறகு கரண்ட் மலிவு என்கிறார்கள். தினமும் டைமர் வைத்து 100% வரை சார்ஜ் போடலாமா, பற்றரி பழுதாகுமா?"

இரவில் போடுங்கள், அது சரி. ஆனால் பத்தரைக்கே தொடங்க வேண்டாம், தினமும் நூறுக்கும் ஏற்ற வேண்டாம். நீங்கள் செய்ய நினைப்பதை அப்படியே இரண்டு வருசம் செய்தவன் நான். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டு மீற்றரைப் பாருங்கள். சாதாரண வீட்டு இணைப்பில் இரவு, பகல் என்ற வேறுபாடே இல்லை. மாதத்துக்கு எத்தனை யுனிட் என்பதுதான் கணக்கு, அது 180ஐத் தாண்டினால் மிச்சமெல்லாம் உச்சப் படியில் போகும். அந்த மீற்றரை வைத்துக்கொண்டு நடுச்சாமத்தில் சார்ஜ் போட்டாலும் ஒரு சதம் மிஞ்சாது. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத்துக்கு விண்ணப்பித்து, மூன்று கணக்கைத் தனித்தனியாகக் காட்டும் மீற்றர் பூட்டியிருந்தால்தான் இந்தக் கதை. எங்கட கல்லடி வீட்டில் த்ரீ பேஸ் இருந்தது, அதனால் மாற முடிந்தது. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம், 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு நேரம். மாறினால் கார் மட்டுமல்ல, முழு வீடும் மாறும். மாலையில் தண்ணி மோட்டர், அயன், ஏசி எல்லாம் உச்ச விலையில் ஓடும் என்பதையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இப்ப என் கதை. 2017இல் வாங்கினேன், உங்களுடையது போல 24 யுனிட் பற்றரிதான். விற்றவர் கொழும்பில் சாவியைத் தரும்போது சொன்ன ஒரே அறிவுரை, "ஒவ்வொரு நாளும் ஃபுல்லாக்கி வையுங்க அண்ணன், பற்றரிக்கு நல்லது" என்பது. நம்பினேன். வேலை களுவாஞ்சிக்குடியில், போக வர 60 கிலோமீற்றர். பின்னேரம் வந்ததும் வயரைக் குத்திவிடுவேன், டைமர் 10.30க்குத் தொடங்கும், ஒன்றரை, இரண்டு மணிக்கெல்லாம் நூறு. விடிந்து ஏழு மணி வரைக்கும் நூறிலேயே நிற்கும். வெள்ளி இரவும் அதேதான். சனி, ஞாயிறு முழுக்க, தகரம் போட்ட கொட்டகைக்குள், நிறைந்த பற்றரியோடு கார் நின்றது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் அந்தக் கொட்டகைக்குள் கை வைத்த இடமெல்லாம் சுடும்.

2019இல் மச்சானின் மகன் ஒரு சின்ன புளூடூத் ரீடரை ஸ்டியரிங்குக்குக் கீழே குத்தி, போனில் லீஃபின் பற்றரி நிலையைக் காட்டும் LeafSpy என்ற செயலியைத் திறந்து காட்டினான். SOH என்ற இடத்தில் 76 என்று நின்றது. புதிதாயிருந்தபோது நூறு கொண்ட பாத்திரம் 76 கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதே அதன் பொருள். டாஷ்போர்டின் பன்னிரண்டு கட்டத்தில் இரண்டு ஏற்கனவே போயிருந்தது. முதல் கட்டம் போக 15 சதவீதம் குறைய வேண்டும், பிறகு ஆறு ஆறு சதவீதத்துக்கு ஒன்று போகும். ஆகவே கட்டம் மறையும் வரைக்கும் காத்திருந்தால் சேதம் நடந்து முடிந்த பிறகுதான் தெரியவரும். வாங்கும்போதே LeafSpy பார்க்காதது என் பிழை. நீங்கள் இன்றைக்கே பார்த்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஓடாமல் நின்றாலும் பற்றரி தேயும். உள்ளே இருக்கும் திரவம் மின்முனையோடு மெல்ல மெல்ல வினைபட்டு லித்தியத்தைத் தின்னும். அதை வேகப்படுத்துவது இரண்டு விசயம், ஒன்று சூடு, மற்றது நிறைந்த நிலை. இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து மணிக்கணக்கில் நிற்பதுதான் மோசம். லீஃபின் பற்றரிக்குத் தண்ணீரால் ஆற்றும் ஏற்பாடும் இல்லை, உள்ளே காற்றாடியும் இல்லை. கிட்டத்தட்ட 300 கிலோ எடை, தானாக ஆறினால்தான் உண்டு. வேலை முடிந்து வந்து நிற்பாட்டும்போது என் காரில் 39 பாகை காட்டும். பத்தரைக்குப் பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் இறங்கியிருக்கும். இரண்டு மணிக்குத்தான் 35க்கு வரும். மலிவு நேரத்தின் முற்பகுதியை விடப் பிற்பகுதி நல்லது என்பதற்கு இதுவே காரணம். ஆறிய பற்றரிக்குக் கரண்டும் போகிறது, ஏற்றி முடித்த கையோடு காரும் வெளிக்கிடுகிறது.

என் காரில் 80இல் நிறுத்து என்று சொல்லும் மெனுவைக் கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாம் ஜப்பான் எழுத்து. அதனால் 2019இலிருந்து நேரத்தாலேயே அளக்கிறேன். 60 கிலோமீற்றருக்கு என் கார் ஏறத்தாழ 8 யுனிட் தின்னும். ஏற்றும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம் சூடாய்ப் போகும், ஆகவே சுவரிலிருந்து 9 யுனிட் வேண்டும். என் வயர் மணிக்கு 3 யுனிட்டுக்குச் சற்று மேல் தரும். ஆகவே மூன்று மணித்தியாலம். தொடக்கம் 2.15, முடிவு 5.15. மாலை 25 சதவீதத்தில் வரும் கார், விடிய 80ஐ ஒட்டி நிற்கும். தொடக்கம், முடிவு இரண்டு நேரத்தையும் கொடுக்க வேண்டும் என்பது முக்கியம். முடிவை மட்டும் கொடுத்தால், அந்த நேரத்துக்குள் நிறைக்க வேண்டும் என்று கார் தானே கணக்குப் போட்டு முந்தியே தொடங்கிவிடும். 40 யுனிட் பற்றரி உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஏழு மணித்தியால மலிவு நேரத்தில் இந்த மாதிரி வயரால் 22 யுனிட்டுக்கு மேல் ஏற்ற முடியாது, மிச்சம் உச்ச நேரத்துக்குள் போய்விழும்.

இன்னொரு அடியும் எனக்கு விழுந்தது, அது 2018இல். முன்பக்கத்துச் சின்ன 12 வோல்ட் பற்றரியை மாற்றினேன். கழற்றிப் பூட்டியதில் காரின் மணிக்கூடு ஜப்பான் நேரத்துக்குத் திரும்பியிருந்தது, நான் கவனிக்கவில்லை. ஜப்பான் எங்களை விட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. காருக்குப் பத்தரை என்றால் இங்கே மாலை ஏழு. ஏழிலிருந்து பத்து வரைக்கும், ஒரு நிமிசம் பிசகாமல், உச்ச நேரத்துக்குள்ளேயே ஒவ்வொரு நாளும் சார்ஜ் ஏறியிருக்கிறது. அப்போதைய விலை மலிவு நேரத்தில் யுனிட் 13 ரூபாய், உச்ச நேரத்தில் 54 ரூபாய். 9 யுனிட்டுக்கு 117 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 486 ரூபாய். 22 நாளில் எட்டாயிரத்துக்கு மேல் வீண். (அந்த விலைகள் பிறகு பல தடவை மாறிவிட்டன. உங்கட பில்லில் இருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.)

கண்டுபிடித்தது அம்மா. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் வாசலில் நின்று, "மனே, கார் இப்பவே நீலமா மின்னுது, நீ பத்தரைக்கெண்டெல்லோ சொன்னாய்" என்றா. முன் கண்ணாடிக்குக் கீழே மூன்று நீல லைற் இருக்கிறதல்லவா, டைமருக்காகக் காத்திருக்கும்போது அவை ஒன்றன் பின் ஒன்றாய் ஓடும். சார்ஜ் ஏறும்போது ஒன்று நின்ற இடத்திலேயே மின்னும். படுக்கப் போகும்போது ஒரு தரம் எட்டிப் பாருங்கள், போதும். மீற்றரிலும் பார்க்கலாம். வெள்ளண ஒரு தரம், மறுநாள் வெள்ளண ஒரு தரம் மூன்று கணக்கையும் எழுதினால், 9 யுனிட் எதற்குள் விழுந்தது என்று அப்படியே தெரியும். என் காரின் மணிக்கூட்டை நான் பிறகு மாற்றவில்லை, மாற்றினாலும் திரும்பி விடுகிறது. டைமரையே ஜப்பான் நேரத்தில் வைத்துவிட்டேன், 5.45இலிருந்து 8.45.

"இரண்டாயிரத்துப் பத்தொன்பதுக்குப் பிறகு தேய்வு இயல்பாகவே மெதுவாகும், உன் டைமரால் ஒன்றும் இல்லை" என்று சொல்லப் போகிறவர்களுக்கு: அது பாதி உண்மை, தொடக்கத்தில் வேகமாயும் பிறகு மெதுவாயும்தான் தேயும். ஒரு காரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் இரண்டு வருசத்தில் இரண்டு கட்டம் போன கார், பழக்கத்தை மாற்றிய பிறகு ஆறு வருசத்தில் 76இலிருந்து 67க்குத்தான் வந்திருக்கிறது, ஒன்பதாவது கட்டம் இன்னும் எரிகிறது. "பகலில் சோலாரில் போடலாமே" என்பவர்களுக்கு: பகலில் கார் களுவாஞ்சிக்குடியில் நிற்கிறது ஐயா.

இதெல்லாம் எங்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? கார் விற்க மட்டும் தெரியும். ஒரு செல் சரியில்லை என்று சந்தேகம் வந்தால் 300 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்கு, அதுவும் லொறியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். காருக்கு மட்டுமா? அம்மாவின் கண்ணைக் காட்டவும் நான் இரவு பஸ்ஸில் கொழும்புக்குத்தான் போய் வந்தேன். கிழக்கில் இருப்பவன் எதற்கெடுத்தாலும் ஒரு இரவு நித்திரையையும் ஒரு நாள் லீவையும் கொடுத்தே தீர வேண்டும் என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நேரத்தால் அளப்பதில் ஒரு குறை இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் நடுச்சாமம் கரண்ட் போனால் அந்த மூன்று மணித்தியாலத்தில் எவ்வளவு போனதோ அவ்வளவும் குறையும். அதனால்தான் மாலையில் 25 சதவீதம் மிச்சமாய் வரும்படி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தொடக்கத்தை ஒரு மணிக்கு இழுத்துவிடுவேன். அம்பாறைக்கோ பொலன்னறுவைக்கோ போவதென்றால் முதல் நாள் இரவு தயங்காமல் நூறு ஏற்றுவேன், விடியக் கிளம்பிவிடுவதால் அது நிறைந்து நிற்கும் நேரம் குறைவு. நூறு ஏற்றுவதில் பயமில்லை, நூறில் விட்டு வைப்பதில்தான்.

2025இல் இறக்குமதி திறந்த பிறகு வந்த புதிய கார்கள் சிலதில் இரும்பு பொஸ்பேட் பற்றரி இருக்கிறது. அவற்றுக்கு இடைக்கிடை நூறு ஏற்றச் சொல்லிக் கைநூலிலேயே போட்டிருப்பார்கள், இல்லையென்றால் சதவீதக் கணக்கு பிசகும். என் பழக்கத்தை அந்தக் காருக்கு அப்படியே பிடிக்க வேண்டாம். உங்களுடையது லீஃப் 24 என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்ததும் வயரைக் குத்தாதீர்கள். 25, 30 சதவீதத்தோடு கொட்டகையில் நிற்கட்டும், சந்தைக்கும் கோயிலுக்கும் அது காணும். ஞாயிறு இரவு குத்துங்கள்.