கணவனும் மனைவியும் 'வூ' என்று பேசினால்

"பிரெஞ்சு நாவல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் ஒரு பணக்காரத் தம்பதி ஒருவரையொருவர், நம் 'நீங்கள்' போன்ற 'வூ' என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். இருவரையும் 'நீங்கள்' என்று பேசவைத்தால் செயற்கையாக இருக்கிறது. கணவன் 'நீ' என்றும் மனைவி 'நீங்கள்' என்றும் பேசுவதாக நம் வழக்கப்படி மாற்றிவிடலாமா?"

மாற்றாதீர்கள். மூலத்தில் இருவரும் சமமான தொலைவில் நிற்கிறார்கள். நீங்கள் நினைக்கும் மாற்றம் அங்கே இல்லாத ஓர் ஏற்றத்தாழ்வைப் புகுத்திவிடும். பழைய பிரபுக் குடும்பங்களிலும் மேல்தட்டு வீடுகளிலும் தம்பதிகள் 'வூ' சொல்வது அவர்கள் வர்க்கத்தின் அடையாளம். அந்த அந்நியத்தன்மை தமிழிலும் தெரியட்டும்.

செயற்கைத்தன்மைக்குக் காரணம் மரியாதை அல்ல, வாக்கிய அமைப்புதான் என்பது என் கணிப்பு. பிரெஞ்சில் எழுவாயைப் பெரும்பாலும் விட முடியாது. தமிழில் வினைமுற்றே அதைச் சொல்லிவிடும். கணவன் மனைவியிடம், "நீங்கள் களைத்திருக்கிறீர்கள். நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும்" என்பதாக எழுதியிருந்தால் வாசகருக்கு உறுத்தத்தான் செய்யும். "களைப்பாகத் தெரிகிறீர்கள். சற்று ஓய்வெடுங்கள்" என்று எழுதிப் பாருங்கள். மரியாதையும் இடைவெளியும் அப்படியே இருக்கின்றன, மொழிபெயர்ப்பு வாடை போய்விடுகிறது. உறவைப் பிரெஞ்சாக விட்டுவிட்டு வாக்கியத்தை முழுக்கத் தமிழாக்குங்கள். நாவல் முழுவதற்கும் ஒரே கொள்கை என்று முடிவு கட்டத் தேவையில்லை.

இதைவிட முக்கியமானது, 'வூ' எங்கே, நம் 'நீ' போன்ற 'த்யு' ஆகிறது என்பது. காம்யுவின் 'அந்நியன்' நாவலில் (1942) ரெமோன் 'த்யு'வுக்கு மாறியதைக் கதைசொல்லியான மெர்சோ முதலில் கவனிப்பதில்லை. நீ இப்போது உண்மையான நண்பன் என்று அவன் சொல்லும்போதுதான் அது உறைக்கிறது. இருவரும் ஒரே வயதை ஒட்டிய அண்டை வீட்டார்தானே என்று தொடக்கத்திலிருந்தே 'நீ' போட்டிருந்தால், கதைசொல்லி எதைக் கவனித்தான் என்பதே புரியாது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் மாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்லும் 'வூ'வைத் தனியே பிரித்துவிடுங்கள். அது வெறும் பன்மை. அதைப் போய் மரியாதையாக எண்ணி ஏமாறுவது எளிது.

படர்க்கையில்தான் உண்மையான சிக்கல். பிரெஞ்சில் ஆணைக் குறிக்கும் 'இல்', பெண்ணைக் குறிக்கும் 'எல்' இரண்டிலும் மரியாதை வேறுபாடு கிடையாது. தமிழிலோ அவன், அவள், அவர் என்று ஏதாவதொன்றைத் தேர்ந்தாக வேண்டும். மூலத்தைப் பின்பற்ற இங்கே வழியே இல்லை. கதைசொல்லியின் குரலில் வரும்போது முக்கியப் பாத்திரங்களுக்கு 'அவன்', 'அவள்' என்பதே பொருந்தும். நம் நாவல் நடையும் அதுதான். ஆனால் ஒரு பத்தி வேலைக்காரியின் மனத்துக்குள் நழுவி, அவள் கண் வழியே எசமானியைப் பார்க்கிறது என்றால், அந்தப் பத்தியில் மட்டும் எசமானி 'அவர்' ஆகலாம். பிரெஞ்சில் மறைந்தே நிற்கும் பார்வை மாற்றம் தமிழில் வெளிப்படையாகிவிடும் என்பதால், பத்தி யாருடைய மனத்தில் ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஐயம் இருந்தால் எசமானியின் பெயரையே எழுதி, வினையைத் தொழிற்பெயராக்கி நகர்ந்துவிடலாம்.