கோப்பி வறுக்கும் டிரம்முக்குள் எது பழுப்பு, எது கேரமல்? கேள்வி பதில்

தெம்பனிஸ்: 1 கிலோ டிரம், 600 கிராம் அராபிகா. 150 டிகிரியில் மஞ்சளாச்சு. இனிப்பு கூடட்டும்னு தீயைக் குறைச்சேன். கொட்டை படபடன்னு சத்தம் போடுற முதல் வெடிப்பு 196-இல், ஏழரை நிமிஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. குடிச்சா காய்ந்த ரொட்டி மாதிரி இருக்கு. ஏன்?

46 டிகிரியை ஏறக் கொட்டைக்கு ஏழரை நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள், நிமிடத்துக்கு 6 டிகிரி. இந்த இடைவெளியில் பெரும்பாலும் நடப்பது மெயிலார்டு வினை. புரதத்திலிருந்து பிரிந்த அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து ரொட்டி, பிஸ்கட், வறுத்த கடலை வாசனைகளைத் தருகின்றன. கோப்பையில் தெரியும் கனமும் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இந்தக் கட்டத்தை இழுத்தால் கனம் கூடும், ஆனால் பழ வாசனையும் புளிப்பும் மங்கிவிடும். அதே கொட்டையை அடுத்த முறை நான்கு நான்கரை நிமிடத்தில் வெடிப்புக்குக் கொண்டுவாருங்கள், நிமிடத்துக்கு 10 டிகிரிக்குச் சற்று மேல் வரும். மஞ்சளில் தீயைத் தொடாதீர்கள். குறைப்பதாக இருந்தால் 180-ஐத் தாண்டிய பிறகு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வெடிப்பு நெருங்கும்போது ஏற்றம் படுத்துவிட்டால் அதே சப்பென்ற ருசி திரும்பி வரும்.

ஜூரோங்: கறுக்கக் கறுக்க கேரமல் கூடும், கேரமல் கூடினா இனிப்பும் கூடும். சரிதானே?

வாசனை மட்டும் சரி. கொட்டையின் பழுப்பு நிறம் பெரும்பாலும் மெயிலார்டு வேலை. இனிப்போ, வறுக்க வறுக்கக் குறைகிறது. நடுத்தர வறுவலுக்குள்ளேயே கொட்டையில் இருந்த சர்க்கரையில் பெரும்பங்கு சிதைந்துவிடும். நாக்கு "இனிப்பு" என்று சொல்வது மூக்குக்கு எட்டிய கேரமல் மணத்தைத்தான். அதற்கும் மேலே போனால் கசப்பும் புகையும்தான் மிஞ்சும்.

உட்லண்ட்ஸ்: அப்ப ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கே? 170 டிகிரின்னு படிச்சேன்.

தட்டில் வைத்த வெறும் சர்க்கரைக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். கொட்டைக்குள் ஈரமும் அமிலமும் இருக்கின்றன, சர்க்கரை அதற்கு முன்பே உடைந்து மெயிலார்டுக்குள் போய்விடுகிறது. எவ்வளவு சர்க்கரை தனியாகக் கேரமல் ஆகிறது, எவ்வளவு அமினோ அமிலத்தோடு சேருகிறது என்று டிரம் முன்னால் நின்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே மூக்கை நம்புங்கள். மாதிரிக் கரண்டியை அரை நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்து முகருங்கள். முதலில் வைக்கோல், பிறகு ரொட்டி, பிறகு வறுத்த கடலை. வெடிப்புக்குச் சற்று முன் மூக்கில் சுருக்கென்று குத்தும் புளிப்பு வரும், அது சர்க்கரை சிதையும்போது வெளிவரும் அமிலம். வெடிப்புக்குப் பின் காய்ச்சிய சர்க்கரை மணம், கடைசியில் புகை.

தேக்கா: கோப்பிக் கடைக் கோப்பி கரி மாதிரி கறுப்பா, தனி வாசனையா இருக்கே. அது எதனால?

அங்கே கேரமல் கொட்டைக்கு வெளியிலிருந்து வருகிறது. ரொபஸ்டாவில் சர்க்கரை, அராபிகாவில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். அதனால் கொட்டையை நன்றாக வறுத்த பிறகு, கடைசிக் கட்டத்தில் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்ப்பார்கள். சர்க்கரை சூடான கொட்டைமேல் உருகிப் பூசி, கருகும் தறுவாயில் நிற்கும். கொட்டிய பிறகு கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்வதை உடைத்து விடுவார்கள். கசப்போடு கலந்த அந்த அடர் வாசனையும் கறுப்பும் பெரும்பாலும் அந்தப் பூச்சு தருபவை. வீட்டு டிரம்மில் இதைச் செய்து பார்க்காதீர்கள். சர்க்கரை சுவரில் ஒட்டிக் கருகும், புகையெழுந்து தீப்பிடிக்கவும் கூடும்.

யீஷூன்: எங்கம்மாவுக்குச் சர்க்கரை நோய். கோப்பி ஓ கோசோங்தான் குடிக்கிறாங்க. அதுலயும் சர்க்கரையா?

நாம் பேசுவது வாசனையைப் பற்றி, ஆனால் நல்ல கேள்வி. கோசோங் என்றால் கோப்பையில் போடவில்லை என்று மட்டும் பொருள். பூச்சில் எவ்வளவு கருகியது, எவ்வளவு மிஞ்சியது என்பது வறுப்பவர் கையைப் பொறுத்தது. பாக்கெட் தூள் வாங்கினால் சேர்பொருள் பட்டியலில் சர்க்கரை இருக்கிறதா பாருங்கள். அளவு விஷயம் மருத்துவரிடம்.

தெம்பனிஸ்: அக்கா, இன்னைக்கு வேகமா வறுத்தேன். ரொட்டி போச்சு. ஆனா வெடிப்பு 188-லேயே வந்துச்சு. 196-ன்னு சொன்னீங்களே?

196 போன முறை நீங்களே எழுதிய எண்! வெப்பத்தை அளக்கும் புரோபைக் கழற்றித் துடைத்தீர்களா, திரும்ப மாட்டும்போது ஆழம் மாறியதா? இல்லையென்றால் கொட்டை அளவைச் சொல்லுங்கள். குறைவாகப் போட்டால் புரோப் பாதி காற்றைத்தான் அளக்கும். தீயைக் கூட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம், எது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. அதுவரை மஞ்சளைக் கண்ணாலும் வெடிப்பைக் காதாலும் குறித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.