பழைய நீட் புத்தகங்களை இணையத்தில் விற்பது

"என்சிஇஆர்டி வேதியியலும் நீட் வினாவங்கியும் விற்க வேண்டும். ‘நல்ல நிலை’ என்று போட்டேன். வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார். அஞ்சல் செலவும் போனது."

அட்டை பளபளப்பாக இருந்தாலும் வினாவங்கியில் விடைகளைப் பேனாவால் குறித்திருந்தால் அது ‘நல்ல நிலை’ ஆகாது. வாங்குபவருக்கு வேண்டியது தொடாத கேள்விகள்தான். பென்சில் குறிப்பென்றால் அழித்துவிடுங்கள். பேனா என்றால் எத்தனை பக்கம் என்று எழுதி, மிக மோசமான பக்கத்தையே படமெடுத்துப் போடுங்கள். பாடநூலில் அடிக்கோடு இருந்தால் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

பதிப்பைப் பார்க்க, 12ஆம் வகுப்பு வேதியியல் முதல் பாகத்தைத் திறந்து பாருங்கள். முதல் அலகு திடநிலை என்றால் பழையது. கரைசல்கள் என்றால் பாடங்கள் குறைக்கப்பட்ட பதிப்பு. 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலும் திடநிலை இல்லை. பழையதைத் தாராளமாக விற்கலாம், ஆனால் அதைச் சொல்லி, விலையைக் குறைத்து. அச்சுப் பக்கத்தின் படமும் இருக்கட்டும்.

அனுப்புவதற்குக் கூரியரை விடுங்கள். அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’ கல்விப் புத்தகங்களுக்கானது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் தாமதமாகும். தேர்வு நெருங்கினால் வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே கடிதம் வைக்காதீர்கள், அனுமதியில்லை. இரண்டு புத்தகங்களையும் ஒரே கட்டாக விற்றால் செலவு இன்னும் குறையும்.