விட்டுப்போன வாடகைக்கு அப்டேட்டட் ரிட்டர்ன்

கிருஷ்ணகிரியில் எனக்கு ஒரு கடை வாடகை வருகிறது. 2023-24 நிதியாண்டின் வருமான வரிக் கணக்கில் காட்ட மறந்துவிட்டேன். கெடு முடிந்தபின் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். தாக்கலுக்கும் திருத்தத்துக்குமான கெடு முடிந்தபின், கூடுதல் வரியோடு போடுவதுதான் அப்டேட்டட் ரிட்டர்ன், படிவம் ஐடிஆர்-யு. ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர், பிடிபடும் முன் தானே பரிசோதகரிடம் போய்ச் சொல்வது மாதிரி.

சீக்கிரம் வரவைக்கத்தான் தாமதத்துக்கேற்ப இந்தக் கூடுதல் வரியின் விகிதம் ஏறுகிறது. உங்கள் ஆண்டுக்கு 2026 மார்ச் 31 வரை 25 சதவீதம், 2027 மார்ச் வரை 50, அப்புறம் 60, கடைசியாக 2029 மார்ச் வரை 70. விட்ட வாடகைக்கு வரி 10,000, வட்டி 2,000 ரூபாய் என்று வையுங்கள். 50 சதவீதம் இந்த இரண்டின் கூட்டுத்தொகைக்கு: 6,000. ஆக 18,000. இதைக் கட்டிய பிறகே தாக்கல் செய்ய முடியும்.

விட்டுப்போன ரீஃபண்டையும் இதில் கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அதற்கு இடமில்லை.