சிவனொளிபாத மலையைச் 'சமயக் கலப்பு' என்று சொல்லலாமா?

கேள்வி: சிவனொளிபாத மலைக்கு எல்லா மதத்துக்காரரும் போறாங்க. இதைச் சமயக் கலப்புன்னு சொன்னா ஆய்வாளர்கள் சிலர் ஏன் ஒத்துக்கிறதில்ல?

பதில்: சமயக் கலப்பு என்றால் வெவ்வேறு மதங்களின் நம்பிக்கைகளும் வழிபாடுகளும் ஒன்றாகக் கலந்துபோவது. இலங்கையில் உள்ள இந்த மலையின் உச்சியில் இருக்கும் பாதச்சுவடு ஒன்றுதான், ஆனால் கதைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. பௌத்தருக்கு அது புத்தர் பாதம், சைவர்களான நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதமின் பாதம். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவின் பாதம் என்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் கதையை ஏற்றுக்கொண்டு யாரும் கும்பிடுவதில்லை.

1344இல் இந்த மலை ஏறிய முஸ்லிம் பயணி இபின் பதூதா ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். பாதம் இருக்கும் பாறையில் ஒன்பது குழிகள். மற்ற மதத்தவர் அவற்றில் பொன்னும் மணியும் காணிக்கை போடுவார்களாம். முஸ்லிம் பக்கீர்கள் அதை எடுக்க முந்திக்கொண்டு ஓடுவார்களாம்! ஒருவர் காணிக்கை இன்னொருவருக்கு வருமானம். இதைக் கலப்பு என்றும் சொல்ல முடியாது, பகை என்றும் சொல்ல முடியாது.

அடுத்தது, இடம் யார் கையில் என்ற கேள்வி. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைத் திரும்பப் பிக்குகளிடம் ஒப்படைத்தான். இன்றும் பொறுப்பு பிக்குகளிடம்தான். ஏறுகிற சனம் மாறவில்லை, நிர்வாகம்தான் கை மாறியது. 'கலப்பு' என்று சொல்லிவிட்டால் இந்தப் பகுதி கண்ணுக்கே தெரியாமல் போகும். அதனால்தான் ராபர்ட் ஹேடன் என்ற மானிடவியலாளர் 2002இல், இந்தியாவிலும் பால்கனிலும் உள்ள இடங்களை வைத்து, இந்த மாதிரிப் பகிர்வைப் 'பகைமை கலந்த சகிப்பு' என்றார். ஒரு தரப்பின் கை ஓங்கி இருக்கும்வரை மற்றவரை விட்டுவைப்பார்கள், அந்த நிலை ஆட்டம் கண்டால் சண்டை வரும் என்பது அவர் வாதம்.

பலாங்கொடைப் பக்கம் கூரகலை இதற்குப் பொருந்துகிறது. முஸ்லிம்களுக்கு அது தப்தர் ஜெய்லானி என்ற புனிதத் தலம், பௌத்தருக்குப் பழைய குகை விகாரை. 2013இல் பொது பல சேனா என்ற பௌத்த தேசியவாத அமைப்பு கிளப்பிய பிரச்சினைக்குப் பிறகு அங்கிருந்த முஸ்லிம் கட்டிடங்கள் சில அகற்றப்பட்டன.

ஆனால் ஹேடன் சொல்வதையும் அப்படியே எடுக்க எனக்கு மனமில்லை. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சீசன். நல்லதண்ணிப் பக்கமாக ஏறிப் பாருங்கள். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். அரோகரா சொல்லிக்கொண்டு வரும் தோட்டத்து ஆட்களும் அதை எண்ணித்தான் அடிக்கிறார்கள். அந்த நேரம் யார் கை ஓங்கியது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால் மணி அடிப்பது போன்ற பழக்கங்களுக்கு மட்டும் 'கலப்பு' என்ற சொல் சரி. நம்பிக்கைக்கும் உரிமைக்கும் அது ஒத்துவராது.