காரைக்குடி எமர்ஜென்சி சீட்டுகளை அட்டவணையாக்க

“நைட் டியூட்டி ட்ரையாஜ் சீட்டெல்லாம் கிறுக்கல். வகை, வைட்டல்ஸ், பார்த்த நேரம் என்று எப்படிப் பிரிப்பது? காரைக்குடி.”

ஒரு சீட்டைப் பார்ப்போம்: “58 ஆண், தேவகோட்டை ரோடு, பைக், 9.40, 90/60, 118, 91, சிவப்பு, டாக்டர் 9.48, 10.05 100/70.”

சிவப்பு என்பதுதான் வகை, நோயாளியின் அவசரத்தைப் பார்த்து ட்ரையாஜில் போடும் நிறம். 90/60 பிபி. ஆக்சிஜன் அளவு நூறைத் தாண்டாது என்பதால் 118 பல்ஸாகத்தான் இருக்கும், 91 ஆக்சிஜன். ஆனால் “96, 98” என்று மட்டும் இருந்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. கேள்விக்குறி போட்டு, எழுதிய சிஸ்டரிடமே கேளுங்கள்.

நேரத்தில்தான் பெரிய குழப்பம் வரும். 9.40 வந்த நேரமா, ட்ரையாஜ் செய்த நேரமா என்று வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். “பார்த்த நேரம்” டாக்டர் பார்த்த 9.48 மட்டும்தான். இரவென்றால் 21:48 என்று 24 மணிக் கணக்கில் போடுங்கள். நள்ளிரவு தாண்டினால் தேதியும் மாறும்.

10.05 ரீடிங்கை முதல் பிபிக்கு மேல் எழுதிவிடாதீர்கள், தனி வரி. அப்புறம், சீட்டில் நிறம் இல்லையென்றால் வைட்டல்ஸைப் பார்த்து நீங்களாகச் சிவப்பு, மஞ்சள் போட வேண்டாம். “பதிவு இல்லை” என்றே விடுங்கள். பிபி நன்றாக இருந்தும் சிவப்பில் போன பாம்புக்கடி கேஸ்கள் உண்டு. ஒரிஜினல் சீட்டைக் கிழித்துப் போடாமல் சேர்த்தே வையுங்கள்.