ரசம் போனால் கண்ணாடி பழசா?

"மயிலாடுதுறையில் பாட்டி வீட்டில் தேக்குச் சட்டம் போட்ட நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. அடிப்பக்கம் ரசம் போய்க் கறுத்துவிட்டது. உருவமும் லேசாக நெளிந்து தெரிகிறது. 150 வருஷத்துப் பெல்ஜியம் கண்ணாடி என்கிறார் வாங்க வந்தவர். நிஜமா?"

அடிக் கறுப்பை வைத்து வயது சொல்ல முடியாது. நம் டெல்டா வீடுகளில் ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறும். அந்த ஈரமும் உப்பும் 30 வருஷக் கண்ணாடியைக்கூட இப்படிக் கறுக்க வைத்துவிடும். எவ்வளவு ரசம் போயிற்று என்பதை விட்டுவிட்டு, என்ன ரசம் என்று பாருங்கள்.

தரையில் போர்வை விரித்துக் கண்ணாடியைக் குப்புறப் படுக்க வைத்து, பின்பலகையை மெல்ல நெம்புங்கள். முதுகில் பெயின்ட் எதுவும் இல்லாமல் வெள்ளீயத் தகடு ஒட்டியது போல இருந்து, அடியில் பொடித் துளிகளும் மின்னினால் அது பாதரச ரசம். உடனே மூடிவிடுங்கள், சுரண்டவோ சூடு காட்டவோ கூடாது, அந்த ஆவி நஞ்சு. காவிச் சிவப்பிலோ சாம்பலிலோ பூச்சு இருந்தால் அது பெரும்பாலும் வெள்ளி ரசம். வெள்ளி பூசும் வழியை ஜெர்மன் வேதியியலர் லீபிக் கண்டது 1835-இல். அது பரவலானது அந்த நூற்றாண்டின் பின்பாதியில்தான்.

நான் அதிகம் நம்புவது ஆணியைத்தான். கும்பகோணத்தில் இதே போல ஒன்றைத் திறந்தேன். ஆணியின் தண்டு உருண்டை, தலை வட்டம்: கம்பி ஆணி. கொல்லர் அடித்த ஆணி சதுரமாக, நுனி நோக்கிச் சிறுத்து வரும். கம்பி ஆணி பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆனால் பலகையைப் பின்னாளில் யாரும் மாற்றியிருக்கலாமே? அதனால் ஓட்டைகளைப் பார்த்தேன். சட்டத்தில் ஆணி இல்லாத பழைய ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் துருக்கறை மரத்தில் ஊறியிருந்தது. பலகையின் சுவர்ப்பக்கம் புகையேறிக் கறுத்திருக்க, கண்ணாடிப் பக்கம் வெளுப்பாகவே இருந்தது. பலகையும் சட்டமும் ஆதியிலிருந்து ஒன்றாக இருந்தவை. அந்தச் சட்டம் 1850-ஐச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

பிறகு நெளிவு. ஜன்னல் கம்பியின் பிம்பத்தைப் பார்த்தபடி தலையை அசைத்தேன். அலைகள் ஒரே திசையில் வரிவரியாக ஓடின. அது இயந்திரத்தில் இழுத்த கண்ணாடி, 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஊதிச் செய்த பழைய கண்ணாடியில் அலை தாறுமாறாக இருக்கும், குமிழும் கிடக்கும். உருக்கிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும், 1959-இல் அறிவிக்கப்பட்ட மிதவைக் கண்ணாடியில் அலையே இராது. ஆகக் கும்பகோணத்துக் கண்ணாடிக்கு நான் சொன்ன காலம் 1920-க்கும் 1970-க்கும் நடுவே. இன்னும் நெருக்கிச் சொல்ல அதில் ஆதாரம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். அந்தக் காலத்து உயர்ந்த கண்ணாடிகளைத் தேய்த்து மெருகேற்றிச் சமப்படுத்தினார்கள். அவற்றில் நெளிவு தெரியாது. உங்களுடையது நெளிகிறது என்பதே பெல்ஜியம் என்ற பேச்சைச் சந்தேகிக்க வைக்கிறது. விலை பேசுமுன் ஓர் ஆணியைப் பிடுங்கி, தண்டு சதுரமா உருண்டையா என்று பாருங்கள்.